அண்ணன் வெளிநாட்டில் இருக்கும்போது ரங்கூன் வீட்டில் அமாவாசை கொடுப்பது

கேள்வி: ஐயா, அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் கலிபோர்னியாவில் இருக்கிறார், இப்போதைக்கு வர முடியாது. ரங்கூன் வீட்டில் அம்மாவும் நானும் அண்ணனின் பன்னிரண்டு வயது மகனும் இருக்கிறோம். மூத்த பிள்ளை இல்லாமல் மாதாமாதம் அமாவாசை கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். அண்ணன் மகனை உட்கார வைத்துச் செய்யலாமா? அல்லது அண்ணன் வீடியோவில் இருக்கும்போது அவருக்காக நான் செய்யலாமா?

பதில்: நீங்கள் உங்களுக்காகவே செய்யலாம், செய்யவும் வேண்டும். அண்ணன் தாம் இருக்கும் இடத்தில், அந்த ஊர் அமாவாசையில், தம் கையால் தனியாகச் செய்ய வேண்டும். அண்ணன் மகனை மட்டும் உட்கார வைக்காதீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மா சொல்வது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது நம்மவர்களிடையே நெடுங்கால வழக்கம். கருமாதியிலும் முன்னால் உட்காருபவர் மூத்தவரே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திதியையும், சகோதரர்கள் பாகம் பிரியாமல் ஒரே குடும்பமாக இருக்கும்வரை, மூத்தவர் செய்ய மற்றவர்கள் கூட நிற்பார்கள். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்தே வளர்ந்தவர்கள், மாத அமாவாசையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவது இயல்பு. ஆனால் அமாவாசைத் தர்ப்பணம் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. தகப்பனை இழந்த ஒவ்வொரு மகனுக்கும் அது தனித்தனிக் கடமை. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பேரும் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். ஒருவர் செய்ததால் மற்றவருடையது தீர்ந்துவிடாது. ஒருவர் செய்யாததால் மற்றவர் கை கட்டி நிற்க வேண்டியதும் இல்லை. அண்ணன் ரங்கூனில் இருந்திருந்தாலும் நீங்கள் உங்கள் தாம்பாளத்தைத் தனியாக வைத்துச் செய்திருக்க வேண்டும். ஆகவே அவர் இல்லாதது உங்கள் வேலையைத் தடுக்கவில்லை, புதிதாக உங்கள் தலையில் ஏற்றவும் இல்லை. அம்மாவிடம் சொல்லும்போது, "அண்ணனுக்குப் பதிலாகச் செய்கிறேன்" என்று சொல்லாமல், "என் பங்கை நான் செய்கிறேன், அண்ணன் பங்கை அவர் அங்கே செய்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். மூத்தவனின் இடத்தை இளையவன் எடுத்துக்கொள்கிறானோ என்ற சங்கடம் அவருக்கு இருந்தால் அது அப்போதே போய்விடும்.

அண்ணன் மகனைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் நம் ஊரில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. தாத்தாவுக்குப் பேரன் செய்வதில் என்ன பிழை என்று தோன்றும். ஆனால் தன் தகப்பன் உயிரோடு இருக்கும் ஆண் மகன் தர்ப்பணம் செய்வதில்லை என்பது இந்த விஷயத்தில் அசைக்க முடியாத விதி. தர்ப்பணத்தின் வரிசையே செய்பவரின் தகப்பனில் தொடங்கித் தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மேலே போகிறது. பையன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் வரிசையின் முதல் இடத்தில், கலிபோர்னியாவில் நலமாக இருக்கும் அவன் தகப்பன் அல்லவா வந்து நிற்பார்? அதனால்தான் பெரியவர்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். பையன் குளித்துவிட்டு வரட்டும், வாழையிலை நறுக்கட்டும், படையலின்போது தாத்தா படத்தின் முன் விழுந்து கும்பிடட்டும், காகத்துக்குச் சோறு வைக்கட்டும். எள்ளையும் தர்ப்பையையும் மட்டும் அவன் கையில் கொடுக்காதீர்கள்.

இதே போன்ற இன்னொரு பிழை, புத்தகத்தைப் பார்த்துச் செய்பவர்களுக்கு நேர்கிறது. சென்னையிலிருந்து வரும் தர்ப்பணப் புத்தகங்கள் பெரும்பாலும் தாய் தகப்பன் இருவரும் காலமானவர்களை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டவை. தகப்பன் வழி ஆண்கள் மூவர் முடிந்ததும் தாய், பாட்டி, கொள்ளுப் பாட்டி என்று அச்சில் வரும். கைபேசியில் ஒருவர் படிக்கப் படிக்க அப்படியே திருப்பிச் சொல்லும் மகன், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் தாயின் பெயரைச் சொல்லி எள் இறைத்துவிடுவது உண்டு. உங்கள் அம்மா இருக்கிறார். ஆகவே உங்களுக்கும் அண்ணனுக்கும் அந்த வரிசை தகப்பனாரின் தாயில் தொடங்கி, தாத்தாவின் தாய், கொள்ளுத் தாத்தாவின் தாய் என்று போகும். அடுத்து அம்மாவைப் பெற்ற தாத்தா காலமாகியிருந்தால் அவரும் அவருக்கு மேலே இருவரும், பிறகு அவர்களுடைய மனைவிமார். அந்தத் தாத்தா உயிரோடு இருந்தால் அந்த வரிசையை முழுவதும் விட்டுவிட வேண்டும். இதை ஒரு தாளில் தமிழில் தெளிவாக எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்து, ஒரு படியை அண்ணனுக்கு அனுப்புங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே தாள் இருக்க வேண்டும்.

அந்தத் தாளை எழுதும்போது பர்மாத் தமிழர்களாகிய நமக்கே உரிய இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது, பதிவுகளில் பர்மியப் பெயரும் வீட்டில் தமிழ்ப் பெயருமாக இருந்தவர்கள் பலர். தர்ப்பணத்துக்கு அடையாள அட்டைப் பெயர் தேவையில்லை, வீட்டில் அழைத்த பெயரைச் சொல்லுங்கள். இரண்டாவது, கப்பலேறி வந்த தலைமுறைக்கு மேலே பெயர் தெரியாமல் போய்விட்டது. ராமநாதபுரத்துப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் என்பதோடு பல குடும்பங்களில் நினைவு நின்றுவிடுகிறது. பெயர் தெரியாதவருக்கு "என் தகப்பனாரின் தாத்தா" என்று உறவை மட்டும் சொன்னால் போதும். யாரோ ஒரு பெயரை ஊகித்துச் சொல்வதைவிட அது மேல். கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். பாட்டி பர்மியப் பெண்ணாக, புத்த சமயத்தவராக இருந்திருந்தால் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் தாத்தாவுக்கு மனைவியாக வாழ்ந்து உங்கள் தகப்பனாரைப் பெற்றவர் அவர். அவர் பெயர் அந்த வரிசையில் அவருக்குரிய இடத்தில் வர வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து.

இனி நாள். அண்ணன் வெளிநாட்டில் இருப்பதால் உண்மையில் கவனம் தேவைப்படுவது இதில்தான்.

அமாவாசைத் திதி தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுவதும் ஒரே கணத்தில்தான். அந்தக் கணத்தில் ஒவ்வொரு ஊர்க் கடிகாரமும் காட்டும் மணியும் தேதியும் வேறு. தர்ப்பண நாளைத் தீர்மானிக்கும் விதி, பிற்பகலில் அமாவாசை இருக்கும் நாளை எடுத்துக்கொள்வது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை ஐந்தாகப் பங்கிட்டால் நான்காவது பங்குக்கு அபராஹ்ணம் என்று பெயர். அந்தப் பொழுதில், அவரவர் ஊரில், அமாவாசை நிற்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஆடி அமாவாசையை எடுத்துப் பார்க்கலாம். திருக்கணித முறைப்படி, இந்திய நேரத்தில் ஜூலை 24 அதிகாலை சுமார் 2.28க்குத் தொடங்கி, அன்று நள்ளிரவு கடந்து 12.40 அளவில் முடிந்தது. ரங்கூன் கடிகாரம் இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முந்தியது. ஆகவே இங்கே 24ஆம் தேதி அதிகாலை 3.28 முதல் மறுநாள் அதிகாலை 1.40 வரை. ஜூலையில் நம் ஊரில் அபராஹ்ணம் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் நான்கு மணி வரை. அந்த நேரம் முழுவதும் அமாவாசை இருந்ததால் ரங்கூனுக்கு 24, வியாழக்கிழமை. இதில் யாருக்கும் ஐயம் வராது.

அதே திதி லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரத்தில் ஜூலை 23 பிற்பகல் சுமார் 1.58க்குத் தொடங்கி 24 பிற்பகல் 12.10 அளவில் முடிந்துவிட்டது. அங்கே ஜூலையில் பகல் நீளம் என்பதால் அபராஹ்ணம் சுமார் 2.20 முதல் 5.10 வரை. 23ஆம் தேதி அந்த நேரம் முழுவதும் அமாவாசை இருந்தது. 24ஆம் தேதி அந்த நேரம் வருவதற்குள் பிரதமை வந்துவிட்டது. ஆகவே கலிபோர்னியாவில் இருப்பவருக்குத் தர்ப்பண நாள் 23, புதன்கிழமை. ரங்கூனிலிருந்து அம்மா தொலைபேசியில் "வியாழக்கிழமை அமாவாசை" என்று சொல்ல, மகன் தன் ஊர் வியாழக்கிழமையில் மாலை வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தால், அவர் எள் இறைத்தது பிரதமையில். எல்லா மாதமும் இப்படி ஆகாது, இரண்டு ஊரிலும் ஒரே தேதி வரும் மாதங்களும் உண்டு. அதனால்தான் மாதத்துக்கு மாதம் பார்க்க வேண்டியிருக்கிறது. அண்ணன் தம் ஊரைக் குறிப்பிட்டுக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்க்கட்டும், அல்லது அருகிலுள்ள கோயில் அச்சிடும் நாட்காட்டியைப் பின்பற்றட்டும். உங்கள் வீட்டு நாட்காட்டியிலிருந்து தேதி சொல்லி அனுப்பாதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் பர்மிய நாட்காட்டியில் குறித்திருக்கும் தேய்பிறைக் கடைசி நாளைப் பார்த்து அமாவாசை வைத்துக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். அந்த நாட்காட்டி மாதங்களை 29 நாள், 30 நாள் என்று மாறி மாறி வைத்துக் கணக்கிடுவது. ஆகவே அதன் நாளும் நம் திதியும் சில மாதங்களில் ஒரு நாள் விலகும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, அதிலுள்ள மணியோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில மணி நேரம் வேறுபடலாம். அப்பா எதைப் பார்த்தாரோ அதையே பாருங்கள், மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். நீங்கள் ரங்கூனில் நண்பகல் 12.30க்கு உட்கார்ந்தால் கலிபோர்னியாவில் கோடைக்கால நேரப்படி முந்தைய நாள் இரவு 11 மணி. தர்ப்பணம் பகலில் செய்வது, சூரியன் மறைந்த பிறகு கிடையாது. ஆகவே நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணன் அங்கே இரவில் எள் இறைப்பது பொருந்தாது. அவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதாலும் அவருடைய கடமை தீராது. படையல் போடும்போது அவர் வீடியோவில் வந்து கும்பிடுவதில் குற்றமில்லை, அம்மாவுக்கும் அது ஆறுதல். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: கைபேசியை அப்பாவின் படத்தின் மேல் சாய்த்து, மாலைக்குப் பக்கத்தில் அண்ணன் முகம் தெரியும்படி வைக்காதீர்கள். இறந்தவர் படத்தோடு உயிரோடு இருப்பவர் முகம் சேரக் கூடாது என்று நம் வீடுகளில் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கம், நீங்கள் நிற்கும் வரிசையில் பையன் கையில் பிடித்துக்கொள்ளட்டும். "அவனுக்கும் ஒரு இலை போடு" என்று பாசத்தில் சில தாய்மார் சொல்வார்கள். படையலில் போடும் இலை முன்னோர்களுக்கு. அண்ணனுக்காக அங்கே இலை போட வேண்டாம்.

செய்முறை அதிக நேரம் பிடிக்காது. அன்று காலை வாசலில் கோலம் போட வேண்டாம், வழக்கமான சுவாமி பூஜையையும் தர்ப்பணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, உலர்ந்த வேட்டி கட்டி, நண்பகல் வாக்கில் தெற்கு நோக்கி உட்காருங்கள். முன்னால் ஒரு தாம்பாளம், ஒரு செம்பு தண்ணீர், ஒரு கைப்பிடி கறுப்பு எள், சில தர்ப்பைப் புற்கள். எள்ளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை, மாக்வே பக்கத்து எள் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். கல்லும் தூசியும் இருக்கும் என்பதால் முதல் நாளே புடைத்து வைத்துக்கொள்ளுங்கள். தர்ப்பை கிடைப்பதுதான் அரிது. கோயில் குருக்களிடம் சொல்லி வைத்துச் சில மாதங்களுக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். மூன்று புற்களால் ஆன பவித்திரத்தை வலது மோதிர விரலில் போட்டுக்கொண்டு, பூணூல் அணிபவரானால் அதை வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விரல் நுனி வழியாக ஓடக் கூடாது. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வழிந்து தாம்பாளத்தில் விழ வேண்டும், ஏனெனில் அதுவே முன்னோர்க்குரிய வழி. கையை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்தால் தானாக அப்படி விழும். ஒவ்வொருவருக்கும் பெயரும் உறவும் சொல்லி மூன்று முறை. மந்திரம் தெரிந்தவர் மந்திரத்தோடு செய்யலாம். தெரியாதவர் தமிழிலேயே, "எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிச் செய்வது நம்மிடையே உள்ள வழக்கமே. முடிந்தபின் தாம்பாளத்து நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், கால்படாத மரத்தடியில் ஊற்றுங்கள். மாடி வீட்டில் அது முடியாவிட்டால் ஒரு பூந்தொட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், துளசித் தொட்டி மட்டும் வேண்டாம்.

அடுத்தது படையல். இதில் உங்கள் அம்மாவே தலைவி. வாழைக்காய், பூசணி, புடலை, பருப்பு, வடை, பாயசம் என்று வீட்டு வழக்கப்படி சமைத்து, அப்பாவுக்குப் பிடித்ததில் சைவமானதைச் சேர்த்து இலையில் பரிமாறலாம். வெங்காயம், பூண்டு தவிர்ப்பது நல்லது. தூபம் காட்டிக் கும்பிட்டபின், ஒரு பிடி சோற்றில் பருப்பும் நெய்யும் சிறிது எள்ளும் சேர்த்துக் காகத்துக்கு வையுங்கள். ரங்கூனில் காகத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்தாம் மாடிப் பால்கனியிலும் அம்மா கரண்டியைத் தட்டும் ஓசைக்குப் பக்கத்துத் தகரக் கூரையிலிருந்து நான்கு வந்து இறங்கிவிடும். மேல் வீட்டார், கீழ் வீட்டார் முகம் சுளிக்காதபடி சோற்றை விளிம்பில் வைக்காமல் ஒரு தட்டில் வைத்து, பிறகு கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகே வீட்டார் சாப்பிடுவது.

நீங்கள் வேலை நிமித்தமாக ஊரில் இல்லாத மாதம் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் நீங்கள் இறைத்துக்கொள்ளுங்கள், அது மாண்டலேயானாலும் பாங்காக்கானாலும் சரி. வீட்டில் அம்மா படையல் போட்டு, காகத்துக்கு வைத்து, ஒருவர் சமைத்துச் சாப்பிடும் அளவு அரிசி, பருப்பு, காய்கறியோடு தட்சணையும் வைத்துக் குருக்களுக்கோ இல்லாதவர் ஒருவருக்கோ கொடுத்தால் போதும். பழைய வழக்கில் எள்ளும் தண்ணீரும் மகன்கள் கையில்தான். தவறிப்போன மாதத்துக்கு அடுத்த மாதம் இரட்டிப்பாகச் செய்வது என்று ஒன்று இல்லை, அடுத்த அமாவாசையில் வழக்கம்போலத் தொடர வேண்டியதுதான். ஆடி, புரட்டாசி மகாளயம், தை ஆகிய மூன்றையும் மட்டும் இருவரும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, அண்ணனிடம் இன்றே சொல்லி வையுங்கள். பங்காளி வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் தீட்டு உங்கள் இருவருக்கும் சேர்ந்தே வரும், அவர் கடலுக்கு அப்பால் இருப்பதால் விலகிவிடாது. தீட்டு நாட்களில் தர்ப்பணம் கிடையாது. ரங்கூனில் ஒரு சித்தப்பா இறந்து, தகவல் போகாமல், அந்த வாரமே அண்ணன் அங்கே எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்துவிடுவது நடக்கக்கூடியது. இங்கே இணையம் எந்த நேரம் இருக்கும், எந்த நேரம் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட செய்தியை வீடியோ அழைப்புக்காக வைத்திருக்காமல், கிடைத்த வழியில் உடனே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.